விவாத இழை: பள்ளி கேக் போட்டியைத் திறந்து வைக்கும் நீதிபதி உரை, மூன்று நிமிடம். திருத்திக் கொடுங்கள்

செம்பனைநிழல்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை கேக் போட்டி. ஆண்டு 4 முதல் 6 வரை, எட்டுக் குழு, குழுவுக்கு மூன்று பிள்ளைகள். எல்லாருக்கும் இதுதான் முதல் தடவை. நான் நீதிபதி, தொடக்க உரையும் நான்தான் பேச வேண்டும். எல்லாக் குழுவுக்கும் ஒரே கேக்: சாதாரண பட்டர் கப் கேக், ஐசிங் கிடையாது. மண்டபத்தில் காற்றாடி மட்டும், ஏர்கோன் இல்லை.

எழுதி வைத்திருப்பது இது:

"அன்பான மாணவர்களே, தோல்வியே வெற்றியின் முதல் படி. இன்று நீங்கள் செய்யும் கேக் எப்படி வந்தாலும் நீங்கள் எல்லாரும் வெற்றியாளர்களே. தன்னம்பிக்கையோடு, பொறுமையோடு, அன்போடு செய்யுங்கள். பட்டரும் சீனியும் நன்றாக அடியுங்கள். அடுப்பை அடிக்கடி திறக்காதீர்கள். வாழ்த்துகள்."

சப்பென்று இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. என்ன சேர்க்கலாம், எதை எடுக்கலாம்?

மாவுக்கை

முதல் மூன்று வரியை எடுத்துவிடுங்கள் அக்கா. விளையாட்டுப் போட்டிக்கும் அதையேதான் சொல்வார்கள். "பட்டரும் சீனியும் நன்றாக அடியுங்கள்" என்கிற ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அது பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது. நன்றாக என்றால் எவ்வளவு நேரம்? எப்படித் தெரியும்?

உரைக்கு முன்னால் ஒரு கேள்வி. பட்டரை எப்போது மேசையில் வைக்கிறார்கள்? வழக்கமாக இப்படிப் போட்டிகளில் காலையிலேயே எல்லாப் பொருளையும் அளந்து மேசையில் அடுக்கிவிடுவார்கள். அப்புறம் தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் (பெ.ஆ.ச.) தலைவர் உரை, நீதிபதி உரை. அரை மணி நேரம் போய்விடும். நம் ஊர் மண்டபத்தில் பத்து மணிக்கே 30 டிகிரி. பட்டர் முழுசாக உருக 32-லிருந்து 35 டிகிரி போதும். நீங்கள் பேச்சை முடிக்கும்போது எட்டு மேசையிலும் பட்டர் இளகி எண்ணெய் விட்டிருக்கும். அதை அப்படியே எவ்வளவு அடித்தாலும் கேக் சரியாக எழும்பாது.

செம்பனைநிழல்

ஐயோ, அப்படித்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள். 8.30-க்கு மேசையில் பொருள், 9.00-க்கு உரைகள், 9.30-க்குத் தொடக்கம்.

ஆனால் புத்தகங்களில் எல்லாம் "பட்டர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்" என்றுதானே போட்டிருக்கிறது?

மாவுக்கை

அது குளிர் நாட்டு அறை. அங்கே அறை வெப்பம் என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. பட்டரை அடிக்க வேண்டிய வெப்பமும் அதுதான், 18-லிருந்து 21 வரை. நம்முடைய அறை வெப்பம் 30. அந்த ஒரு வரியை அப்படியே நம்பித்தான் இங்கே பாதி பட்டர் கேக் கனத்துப் போகிறது.

ஏன் அந்த வெப்பம் என்றால், சீனிப் பரல் ஒவ்வொன்றும் பட்டருக்குள் நுழையும்போது கூடவே கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பட்டர் பாதி கெட்டியாக இருந்தால் அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயாகிவிட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை, காற்று வெளியே போய்விடும். பேக்கிங் பவுடர் இருக்கிறதே என்பார்கள். பவுடர் புதுக் குமிழி உண்டாக்காது, ஏற்கெனவே இருக்கிற குமிழியைத்தான் பெரிதாக்கும். குமிழி குறைந்த மாவில் அது எவ்வளவுதான் செய்யும்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த உடனே 4 டிகிரியில் அடித்தால் பட்டர் கட்டியாக உருளும், சீனி ஒட்டவே ஒட்டாது. பிள்ளைகள் கை வலித்து விட்டுவிடும்.

ஈப்போக்காரன்

இவ்வளவு கவலை எதற்கு? மார்ஜரின் போடச் சொல்லுங்கள். நம் ஊர் மார்ஜரின் செம்பனை எண்ணெயில் செய்வது, 30 டிகிரியிலும் கிரீம் மாதிரி நிற்கும். பிள்ளைகளுக்குச் சுலபம், விலையும் குறைவு. பிரச்சினை முடிந்தது.

மாவுக்கை

பாதி சரி அண்ணே. வெயிலில் மார்ஜரின் நன்றாகவே காற்றைப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இதற்குப் பெயர் பட்டர் கேக். ருசிக்கும் மார்க் உண்டென்றால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். பெரும்பாலும் உப்பும் இருக்கும், அதற்கேற்ப உப்பை விட்டுவிட வேண்டும். பாதி பட்டர் பாதி மார்ஜரின் என்று போடுகிற வீட்டு பேக்கரிகள் நிறைய, அது நல்ல சமாதானம். இங்கே செய்முறையைப் பள்ளி ஏற்கெனவே கொடுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

செம்பனைநிழல்

கொடுத்துவிட்டார்கள், பட்டர்தான். இரண்டு முட்டைக் கணக்கு: பட்டர் 120 கிராம், சீனி 110, கிரேட் பி முட்டை 2, பேக்கிங் பவுடர் கலந்தே வரும் தெப்போங் நாய்க் செண்டிரி மாவு 120, பால் இரண்டு மேசைக்கரண்டி. பன்னிரண்டு கப். 170 டிகிரி. எட்டுக் குழுவுக்கு எட்டு சின்ன அவன் அடுப்பு, ஆசிரியர்கள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள். எட்டு மிக்சரும் உண்டு.

ஒயர்மேன்_பேராக்

எட்டு அவனா? எந்த சுவிட்சில்?

சின்ன மேசை அவன் ஒன்று 1500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர். ஒரு எக்ஸ்டென்ஷனில் இரண்டு போட்டால் 13 ஆம்பியர், பிளக் பியூஸின் எல்லையே அதுதான். மூன்றாவதாக மிக்சர் சொருகினால் எல்லை தாண்டும். பியூஸ் உடனே போகாது, அதுதான் ஆபத்து. முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகும். சுருட்டி வைத்த ஒயர் என்றால் இன்னும் சீக்கிரம் சூடாகும். எட்டும் ஒரே நேரம் ஓடினால் 52 ஆம்பியர். பழைய மண்டபத்தில் சுவர் பிளக் எல்லாம் ஒன்றிரண்டு பிரேக்கரில்தான் இருக்கும். கேக் பாதி வெந்த நேரத்தில் டிரிப் ஆகும், எல்லாக் குழுவும் அழும்.

உரையில் இது வராது, தெரியும். ஆனாலும் யாராவது சொல்ல வேண்டும். அவனுக்கு ஒரு சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் வேண்டாம். வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் போட்டு இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

பதினெட்டுடிகிரி

ஒயர்மேன் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. கணக்கைப் பாதியாக்குங்கள். ஒரு முட்டை, பட்டர் 60, சீனி 55, மாவு 60, பால் ஒரு மேசைக்கரண்டி. ஆறு கப் வரும். இரண்டு குழுவுக்கு ஓர் அவன், நான்கு அவன் போதும்.

இன்னொரு லாபம்: 60 கிராம் பட்டருக்கு மிக்சரே தேவையில்லை. அவ்வளவு கொஞ்சத்தை அகலமான கிண்ணத்தில் போட்டால் மிக்சர் கம்பி பிடிக்காமல் சுவரில்தான் அப்பும். குழிவான சின்னக் கிண்ணம், மரக்கரண்டி, மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி எட்டு நிமிடம். மிக்சர் உரசுவதால் வரும் சூடும் மிச்சம்.

ஒரே தட்டில் இரண்டு குழு கப் வைக்கும்போது கவனம். சின்ன அவனில் பின்பக்கம் சூடு அதிகம். ஒரு குழுவுடையது முழுக்கப் பின்னால், இன்னொன்று முழுக்க முன்னால் என்றால் அநியாயம். குழுவுக்கு மூன்று முன்னால், மூன்று பின்னால். பன்னிரண்டாவது நிமிடம் ஆசிரியர் தட்டைத் திருப்பி வைக்கட்டும்.

சக்கரைப்பொங்கல்

நல்ல இழை. எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் என்னுடையது பாண்டான் சிப்பான் கேக். அவனிலிருந்து எடுத்ததும் இடுப்பு ஒடுங்கிவிடுகிறது. அச்சில் எண்ணெய் நன்றாகத்தான் தடவுகிறேன். பட்டர் சூட்டினாலா?

பதினெட்டுடிகிரி

சிப்பான் கேக்கில் பட்டரே இல்லையே சகோதரி, அது எண்ணெயும் அடித்த வெள்ளைக்கருவும். அச்சில் எண்ணெய் தடவுவதுதான் உங்கள் பிரச்சினை. அந்த மாவு சுவரைப் பிடித்துத்தான் ஏறும், பிடித்தபடிதான் ஆறவும் வேண்டும். தடவாதீர்கள், எடுத்ததும் கவிழ்த்து வையுங்கள். மேற்கொண்டு தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

தோட்டத்துடீச்சர்

தட்டைத் திருப்பச் சொல்கிறீர்கள், ஆனால் உரையில் "அடுப்பைத் திறக்காதீர்கள்" என்று இருக்கிறது. திறந்தால் கேக் அமுங்கிவிடும் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்?

மாவுக்கை

நேரத்தைப் பொறுத்தது டீச்சர். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் குமிழி விரிந்துகொண்டிருக்கும், சுவர் இன்னும் இறுகியிருக்காது. சின்ன அவனில் கதவைத் திறந்தால் சூடு மளமளவென்று இறங்கும், அப்போது நடு அமுங்கும். மேல்பக்கம் ஈரப் பளபளப்புப் போய் மங்கலாகிவிட்டால் இறுகிவிட்டது என்று பொருள். அதன்பின் ஐந்து வினாடி திறந்து மூடினால் ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் அவன் பக்கமே போகக் கூடாது, ஆசிரியர்தான் திறக்க வேண்டும். அதனால் அந்த வரியே உரைக்குத் தேவையில்லை.

செம்பனைநிழல்

சரி. ஒரு முட்டைக் கணக்கு, மரக்கரண்டி, நான்கு அவன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். உரையில் பட்டர் விஷயத்தை எப்படிச் சொல்வது? 18 டிகிரி என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது.

பதினெட்டுடிகிரி

சொல்லாதீர்கள், காட்டுங்கள். கையில் இரண்டு தட்டு. ஒன்றில் சரியான பட்டர், இன்னொன்றில் அரை மணி நேரம் வெளியில் கிடந்தது. முதலாவதை விரலால் அழுத்தினால் குழி விழும், குழியின் ஓரம் அப்படியே நிற்கும், விரலில் மெழுகு மாதிரி லேசாகத்தான் ஒட்டும். இரண்டாவதில் விரல் தட்டு வரைக்கும் போகும், விரல் பளபளக்கும். குழி விழணும், பளபளக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

அடித்த பிறகும் இதே அடையாளம்தான். நன்றாக வந்தால் மஞ்சள் வெளுத்துச் சந்தன நிறத்துக்கு வரும், கரண்டி போன தடம் அழியாமல் நிற்கும், கிண்ணத்தில் அளவு கூடியிருக்கும். கெட்டுப் போனால் மயோனீஸ் மாதிரி மினுமினுக்கும், சீனி அடியில் தங்கி நறநறக்கும்.

மினுமினுத்தால் தூக்கிப் போட வேண்டாம். கிண்ணத்தின் அடியை ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து, ஓரத்தில் இறுகுவதை வழித்துக் கலந்து, மறுபடி அடிக்கலாம். மாவு போடுவதற்கு முன்பு வரை இதைச் சரி செய்யலாம், போட்ட பிறகு முடியாது. மேசைக்கு ஒரு ஐஸ் தண்ணீர்த் தட்டு வைக்கச் சொல்லுங்கள். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது.

மாவுக்கை

நேரக் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். பட்டர் ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் பேசி முடித்து நீங்கள் ஒலிபெருக்கியைப் பிடிக்கும்போது, விரல் நுனி அளவுத் துண்டுகளாக வெட்டிய பட்டரை மேசைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முழுக்கட்டி வேண்டாம், அது வெளியே உருகி உள்ளே கல்லாக இருக்கும். துண்டு என்றால் 30 டிகிரி மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பதம் வரும். நீங்கள் மூன்று நிமிடம் பேசுகிறீர்கள். அதற்கப்புறம் பிள்ளைகள் சீனி, மாவு நிறுக்க, கப் அடுக்க ஏழெட்டு நிமிடம். முடிக்கும்போது பட்டர் தயார். அடிக்கத் தொடங்கும் நேரத்தில் ஆசிரியர் அவனைப் போட வேண்டும், சூடேற பதினைந்து நிமிடம் சரியாக இருக்கும்.

அதாவது உங்கள் உரை எட்டு நிமிடம் இழுத்தால் பிள்ளைகளுக்கு இளகிய பட்டர்தான் லா.

தோட்டத்துடீச்சர்

எனக்கு ஓர் உறுத்தல். நீதிபதியே மேடையில் வித்தை சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதைச் சோதிக்கிறோம்? வீட்டில் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்து வந்த பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அதன் உழைப்பு?

பதினெட்டுடிகிரி

எட்டுக் குழுவும் முதல் தடவை என்றுதானே சொன்னார்கள். பட்டர் உருகினால் அது பிள்ளையின் தவறில்லை, மண்டபத்தின் தவறு. அதைச் சமன் செய்துவிட்டு, அளப்பது, அடிப்பது, மாவை மெதுவாகக் கலப்பது இவற்றைப் பாருங்கள். வித்தியாசம் அங்கேயே போதுமான அளவு தெரியும்.

தோட்டத்துடீச்சர்

எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. சரி, நீதிபதி முடிவு.

இன்னொன்று. புரட்டாசிச் சனி. முட்டை தொடாத பிள்ளைகள் ஒரு குழு அளவுக்காவது இருப்பார்கள். அவர்கள் என்ன செய்வது?

ஈப்போக்காரன்

முட்டைக்குப் பதில் தயிர் போடச் சொல்லுங்கள்.

மாவுக்கை

இந்தச் செய்முறையில் முட்டையை எடுத்துத் தயிரை மட்டும் போட்டால் கனத்துப் போகும் அண்ணே. தயிர் ஈரத்தையும் புளிப்பையும் தரும், இறுக்கிப் பிடிக்கிற வேலையைச் செய்யாது. தனிச் செய்முறை வேண்டும். சூசு பெக்காட் என்கிற இனிப்புக் கெட்டிப்பால் 100 கிராம், பட்டர் 30, தண்ணீர் 50 மில்லி, தெப்போங் நாய்க் செண்டிரி 60, சமையல் சோடா ஒரு சிட்டிகை. சீனி வேண்டாம், பாலிலேயே இருக்கிறது. பட்டரை அடித்துக் காற்றேற்றும் வேலையும் கிடையாது. உருக்கிக் கலக்குவதுதான், கலக்கும்போது சேரும் கொஞ்சக் காற்றை மாவில் இருக்கிற பவுடரும் சோடாவும் பெரிதாக்கும். அதனால் கலந்த உடனே அவனுக்குள் போக வேண்டும். பால் சேர்வதால் மேல் சீக்கிரம் சிவக்கும், 160-க்கு இறக்குங்கள்.

ஆனால் வெட்டினால் இதன் உள்பக்கம் இயல்பாகவே நெருக்கமாகவும் ஈரமாகவும் இருக்கும். முட்டை கேக்கோடு ஒரே அட்டவணையில் மார்க் போட்டால் இவர்கள் தோற்பார்கள்.

செம்பனைநிழல்

அப்படியென்றால் தனிப் பிரிவா?

தோட்டத்துடீச்சர்

தனிப் பிரிவு என்றால் ஒரே ஒரு குழு, அதுவே முதல் பரிசு. மற்ற பிள்ளைகள் விடுமா?

மாவுக்கை

"உள்பக்கம்" என்கிற மார்க்கை மட்டும் அந்தந்தச் செய்முறைக்கு ஏற்ற மாதிரி வைக்கலாம். எப்படிப் பிரிப்பது என்று எனக்கும் தெளிவில்லை. 160 டிகிரி என்பதால் அவர்களுக்குத் தனி அவன் வேண்டும், ஒயர்மேனிடம் கேளுங்கள்.

ஒயர்மேன்_பேராக்

ஐந்து அவன், ஐந்து வெவ்வேறு சுவர் பிளக். கூட்டினால் 32 ஆம்பியருக்கு மேல். ஒரே பிரேக்கரில் மூன்றுக்கு மேல் வேண்டாம். எந்தப் பிளக் எந்தப் பிரேக்கர் என்று வெள்ளிக்கிழமையே ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள்.

செம்பனைநிழல்

திருத்திய உரை. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், பட்டரை அழுத்திக் காட்டும் நேரத்தோடு மூன்று நிமிடத்துக்குள் வருகிறது.

"வணக்கம் பிள்ளைகளா. நான் பேசும்போதே உங்கள் மேசைக்குப் பட்டர் வருகிறது. அதை இப்போது தொடாதீர்கள்.

இந்த இரண்டு தட்டையும் பாருங்கள். இதை அழுத்துகிறேன். குழி விழுந்தது, விரல் காய்ந்திருக்கிறது. இது நல்ல பட்டர். இது அரை மணி நேரம் வெளியில் இருந்தது. விரலைப் பாருங்கள், பளபளக்கிறது. இதை அடித்தால் கேக் நன்றாக எழும்பாது. குழி விழ வேண்டும், பளபளக்கக் கூடாது.

நான் இறங்கியதும் முதலில் சீனியையும் மாவையும் நிறுங்கள். கப் அடுக்குங்கள். அப்புறம் பட்டரை அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் காத்திருங்கள். சரியாக இருந்தால் சீனி போட்டு, ஆள் மாற்றி ஆள் அடியுங்கள். கை வலித்தால் அடுத்தவரிடம் கொடுங்கள், அதற்குத்தான் மூன்று பேர். சந்தன நிறம் வந்து கரண்டித் தடம் நின்றால் போதும். மினுமினுத்தால் பயப்படாதீர்கள். மேசையில் ஐஸ் தண்ணீர் இருக்கிறது, கிண்ணத்தை அதில் வைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். அதற்கு மார்க் குறைக்க மாட்டேன்.

முட்டை இல்லாமல் செய்யும் குழுவுக்கு அடிக்கும் வேலை இல்லை. பட்டரை டீச்சர் உருக்கித் தருவார். கலந்ததும் கப்பில் ஊற்றி உடனே டீச்சரிடம் கொடுங்கள்.

உங்கள் கேக்கை நான் இரண்டாக வெட்டித்தான் பார்ப்பேன். மேலே வெடித்திருக்கிறதா, கோணலா என்று பார்க்க மாட்டேன். காகிதத்தை உரித்து, அடியில் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது தராசைப் போடலாம்."

பதினெட்டுடிகிரி

நன்று. ஒரே இடம்தான் விட்டுப்போயிருக்கிறது: முட்டை. அடித்த பட்டரில் முட்டையை ஒரே அடியாக ஊற்றினால் திரியும், தயிர் உடைந்த மாதிரி தெரியும். பிள்ளைகள் கெட்டுவிட்டது என்று பயந்துவிடும். முட்டையைக் கிண்ணியில் கலக்கி மூன்று தடவையாக ஊற்றச் சொல்லுங்கள். அப்படியும் திரிந்தால், நிறுத்து வைத்த மாவிலிருந்து ஒரு கரண்டி போட்டால் கூடிவிடும். முட்டை குளிர்ந்திருக்கக் கூடாது, கடையில் வெளியில் அடுக்கியிருக்கிற முட்டையை அப்படியே கொண்டு வந்தால் சரி.

"வெடித்திருக்கிறதா என்று பார்க்க மாட்டேன்" என்பதும் நல்லது. கூம்பி வெடித்தால் அவன் சூடு அதிகம் என்று பொருள், அது ஆசிரியர் வீட்டு அவன்.

செம்பனைநிழல்

முட்டை வரியைச் சேர்க்கிறேன். பட்டரை நான் பேசத் தொடங்கும்போதுதான் அனுப்ப வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். பெ.ஆ.ச. தலைவர் எனக்கு அப்புறம்தான் பேசுவாராம். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மாவுக்கை

வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஐஸ் பெட்டியின் மேல் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள்.